90 நாள் கேள்விக்கு மூன்று பதில்: ஒரு களஞ்சிய வேலையை வைத்து ஒரு கணக்கு

சித்தப்பாவின் மகனுக்கு ஒரே கிழமையில் இரண்டு நேர்முகம் வந்தது. இரண்டும் களஞ்சியப் பொறுப்பாளர் வேலைக்கு. ஒன்று கொக்குவிலில் ஒரு குடும்பம் நடத்தும் விநியோக ஏஜென்சி. பிஸ்கட், பால்மா, சவர்க்காரம், நூடில்ஸ் என்று கொழும்பிலிருந்து லொறியில் இறக்கி, குடாநாடு முழுக்கக் கடைகளுக்குப் போடுகிறவர்கள். மற்றது கொழும்பில் தலைமையகம் வைத்திருக்கும் ஒரு கம்பனி. யாழ்ப்பாணத்தில் புதிதாக ஒரு பிராந்தியக் களஞ்சியம் திறக்கிறார்கள். அவர்களின் நேர்முகம் சூமில், மூன்று பேர் கொண்ட குழு முன்னால்.

இரண்டு இடத்திலும் "முதல் 90 நாளில் என்ன செய்வீர்கள்?" என்று கட்டாயம் கேட்பார்கள் என்று அவனுடைய சிநேகிதன் சொல்லியிருக்கிறான். "அண்ணை, ஒரு பதிலை நல்லாப் பாடமாக்கினால் ரெண்டுக்கும் காணும்தானே?" என்று கேட்டுக்கொண்டு வந்தான்.

காணாது. நான் பதினான்கு வருடம் களஞ்சியங்களில் வேலை செய்தவன். பிறகு ஆள் எடுக்கும் பக்கத்திலும் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு நான் கேட்ட பதில்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி மூன்று வகைக்குள்தான் வரும். மூன்றும் நல்லவைதான், ஆனால் ஒவ்வொன்றும் செல்லுபடியாகும் இடம் வேறு.

முதல் வகை, கட்டத் திட்டம். முதல் 30 நாள் படிப்பேன், அடுத்த 30 நாள் திருத்துவேன், கடைசி 30 நாளில் பலன் காட்டுவேன். இணையத்தில் தேடினால் முதலில் அகப்படுவது இதுதான். அதனால் வருகிறவர்களில் அரைவாசிப் பேர் இதையே சொல்வார்கள்.

இரண்டாவது, பணிவான பதில். "முதலில் இருக்கிற ஆட்களிடம் கேட்டு, நடைமுறையைப் பார்த்து, பிறகுதான் எதையும் மாற்றுவேன்." எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாயில் இயல்பாக வருவது இது. பெரியவர்கள் முன்னால் நான் அதைச் செய்வேன், இதைச் செய்வேன் என்று சொல்லக் கூச்சம்.

மூன்றாவது, ஒரே ஒரு பிரச்சினையை எடுத்து, அதை எந்த ஒழுங்கில் அவிழ்ப்பேன் என்று சொல்வது. இதைக் கேட்பது அரிது, ஏனென்றால் வேலை தெரியாமல் இதைச் சொல்ல முடியாது.

தம்பி தயார் செய்து வைத்திருந்தது முதல் வகை. சொல்லிக் காட்டச் சொன்னேன். அழகாகச் சொன்னான்: "மூன்றாம் மாத முடிவில் இருப்பு வித்தியாசத்தைப் பூச்சியமாக்குவேன். பார்கோட் முறையைக் கொண்டு வருவேன்." நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தால் கேட்கப்போகும் கேள்வியையே கேட்டேன். "இப்ப எங்கட வித்தியாசம் எவ்வளவு எண்டு உமக்குத் தெரியுமோ?" கணினிக் கணக்குக்கும் தரையில் இருக்கும் சரக்குக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம் என்று அவனுக்குத் தெரியாது. தெரியவும் வழியில்லை. எங்கே நிற்கிறோம் என்று தெரியாதவன் எங்கே போய்ச் சேருவேன் என்று நாள் குறித்துச் சொல்கிறான். பார்கோட் இன்னும் மோசம். அது முதலாளியின் காசு. ஒரு நாள்கூட உள்ளே வராத ஆள் செலவுப் பட்டியலோடு வந்தால் குடும்ப ஏஜென்சிக்காரர் கதிரையில் சாய்ந்துவிடுவார்.

பூச்சியம் என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் பார்ப்போம். இந்தக் கேள்வியில் பிள்ளைகள் விழுகிற குழி அதுதான்.

அந்த ஏஜென்சியில் ஏறக்குறைய 1,200 வகைப் பொருட்கள் என்று விளம்பரத்தில் இருந்தது. லொறிகள் காலை 8 மணிக்குப் புறப்படும் என்று வைப்போம். சரக்கு நகரும்போது எண்ண முடியாது. எண்ணினால் பிழைக்கும். ஆகவே 6.30க்கு வந்து, ஏற்றுவதற்கு முன் ஒன்றரை மணித்தியாலம்தான் கிடைக்கும். இரண்டு பேர், ஒருவர் எண்ண ஒருவர் எழுத, ஒரு பொருளுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூட எடுத்தால், நாளுக்கு 40 பொருள். அதற்கு மேல் எண்ணலாம் என்று சொல்கிறவர் பெட்டியின் வெளிப்பக்கத்தைப் பார்த்தே எழுதுகிறார்.

நாளுக்கு 40 பொருள் என்றால் 1,200 பொருளையும் ஒரு சுற்று முடிக்க 30 வேலைநாள். கிழமைக்கு ஆறு நாள் வேலை, போயாவும் மற்ற விடுமுறையும் கழிந்தால் 90 நாளில் கிடைப்பது சுமார் 72 வேலைநாள். அதாவது முழுக் களஞ்சியத்தையும் இரண்டு தடவை எண்ணலாம், மூன்றாவது சுற்றில் அரைவாசிகூட வராது. முதல் சுற்று, இப்போது எவ்வளவு பிழை என்று மட்டும்தான் சொல்லும். இரண்டாவது சுற்று, குறைந்ததா கூடியதா என்று சொல்லும். அவ்வளவுதான். 90 நாளில் ஒரேயொரு ஒப்பீடு. அதை வைத்துக்கொண்டு பூச்சியம் என்று வாக்குக் கொடுப்பது எப்படி?

இதற்குக் களஞ்சியக்காரர்களிடம் பழைய வழி ஒன்று உண்டு. எல்லாவற்றையும் ஒரே அளவு தடவை எண்ணாமல், வேகமாக ஓடுகிற, விலை கூடிய 200 பொருளைத் தனியாகப் பிரித்து, இரண்டு கிழமைக்கு ஒரு தடவை எண்ணுவது. அதற்குக் கிழமைக்கு 100 எண்ணிக்கை போதும். மிச்சம் 1,000 பொருளையும் 13 கிழமைக்குப் பரப்பினால் கிழமைக்கு 77. மொத்தம் 177. கையில் இருப்பதோ கிழமைக்கு 240. மீதி 63, வித்தியாசம் வந்ததைத் திரும்ப எண்ணுவதற்கு. இப்படிப் போனால் முக்கியமான 200 பொருளும் 90 நாளுக்குள் ஆறு தடவை எண்ணப்பட்டிருக்கும். ஆறு புள்ளி இருந்தால் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று காட்டலாம்.

நேர்முகத்தில் இந்தக் கணக்கு முழுவதையும் ஒப்புவிக்கச் சொல்லவில்லை. "பூச்சியம்" என்ற சொல்லின் இடத்தில், "90ஆம் நாள் முக்கியமான 200 பொருளுக்கும் ஆறு எண்ணிக்கையின் பதிவு உங்கள் மேசையில் இருக்கும், வித்தியாசம் எங்கே தொடங்கியது, எங்கே நிற்கிறது என்று நீங்களே பார்க்கலாம்" என்று சொன்னால் போதும். கேட்கிறவர் விரும்பினால் எப்படி 200, எப்படி ஆறு என்று கேட்பார். கேட்டால் அப்போது கணக்கைச் சொல்லலாம். என் அனுபவத்தில் அநேகமாகக் கேட்பார்கள். கேட்டுவிட்டால் நேர்முகம் வேலையைப் பற்றிய பேச்சாக மாறிவிடும், அதற்குப் பிறகு பயமும் போய்விடும்.

இனிப் பணிவான பதில். இதைப் பலர் பலவீனமான பதில் என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். கொக்குவில் ஏஜென்சி போன்ற இடத்தில், இருபது வருடமாகச் சாவி வைத்திருந்த ஒருவர் ஓய்வு பெறும்போது எடுக்கும் ஆளிடம் அவர்கள் முதலில் பார்ப்பது, இவன் வந்து வீட்டைக் குழப்புவானா என்பதைத்தான். அங்கே ஸ்டோரில் நிற்பவர் முதலாளியின் மச்சானாகவும் இருக்கலாம். "களவைப் பிடிப்பேன், கமரா பூட்டுவேன்" என்று ஆரம்பித்தவரை நான் ஒரு தடவை கண்ணால் கண்டேன். மேசையில் இருந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதோடு முடிந்தது.

ஆனால் "பார்த்துப் படிப்பேன்" என்பது அப்படியே விட்டால் காற்று. யாரை, எதை, எத்தனை நாள், முடிவில் என்ன தருவாய்? இந்த நான்கும் சேர்ந்தால்தான் அது பதில். உதாரணத்துக்கு: முதல் இரண்டு கிழமை ஒரு பொருளையும் இடம் மாற்றமாட்டேன். சரக்கு இறங்கும் இரண்டு லொறியோடு நின்று, இறக்குபவர் எதை எண்ணுகிறார், பற்றுச்சீட்டில் யார் கையெழுத்து வைக்கிறார் என்று பார்ப்பேன். ஒரு நாள் விநியோக லொறியில் சாவகச்சேரிப் பக்கமோ நெல்லியடிப் பக்கமோ போய்வருவேன். ரிட்டர்ன் புத்தகத்தையும் டேமேஜ் புத்தகத்தையும் கடந்த மூன்று மாதத்துக்குப் புரட்டுவேன். மூன்றாம் கிழமை வெள்ளிக்கிழமை ஒரு பக்கத்தில் எழுதித் தருவேன்.

லொறியில் போய்வருவேன் என்ற வரியைத் தம்பி எடுத்துவிடப் பார்த்தான். பொறுப்பாளர் லொறியில் ஏறினால் மதிப்பில்லையாம். அதைத்தான் விடக்கூடாது என்றேன். காலையில் ஏற்றிய சரக்குக்கும் கடைக்காரர் எடுத்த சரக்குக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று களஞ்சியத்துக்குள் இருந்து தெரியாது. சாரதியும் உதவியாளும்தான் அறிவார்கள். அவர்களும் ஒரு நாள் கூடப் போனால்தான் வாய் திறப்பார்கள்.

மூன்றாவது பதிலுக்கு வருகிறேன். எனக்கு இதில்தான் விருப்பம், மறைக்கவில்லை.

விளம்பரத்தில் "இருப்புக் கட்டுப்பாட்டில் அனுபவம்" என்ற ஒரு வரி தடித்த எழுத்தில் இருந்தது. சும்மா அப்படிப் போடமாட்டார்கள். அங்கே எங்கோ சுடுகிறது. ஆகவே அதையே எடுத்து, பதிலுக்கு முன் ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன்: "உங்களுக்கு வருகிற குறைவு முழுப் பெட்டியாக வருகிறதா, உதிரியாக வருகிறதா?"

இந்தக் கேள்வி ஏன் என்றால், குறைவின் உருவத்திலேயே அதன் காரணம் பாதி தெரியும். ஒரு பெட்டிக்கு 24 பக்கெட் உள்ள பிஸ்கட்டை எடுத்துக்கொள்வோம். கணினியில் 480, தரையில் 456. குறைவு 24, முழுப் பெட்டி. இது பெரும்பாலும் ஒன்றில் கொழும்பு லொறி இறங்கும்போது எண்ணாமல் கையெழுத்து வைத்தது, இல்லையென்றால் காலையில் விநியோக லொறிக்கு ஒரு பெட்டி கூட ஏறியது. இரண்டு வாசலில் ஒன்று. அதே இடத்தில் குறைவு 7 பக்கெட் என்றால் கதை வேறு. உடைத்த பெட்டியிலிருந்து உதிரி எடுக்கும்போது நடப்பது, எலி, நனைவு, எழுதாத டேமேஜ், இல்லையென்றால் யாரோ வாயில் போட்டது.

மூன்றாவது உருவம் ஒன்று இருக்கிறது. பல பேர் கவனிக்கமாட்டார்கள். 100 கிராம் பக்கெட்டில் 36 குறைவு, பக்கத்தில் இருக்கும் அதே கம்பனியின் வேறு நிற 100 கிராம் பக்கெட்டில் 36 கூடுதல். யாரும் எதையும் எடுக்கவில்லை. ஏற்றுபவர் ஒன்றுக்குப் பதில் மற்றதை ஏற்றியிருக்கிறார், அவ்வளவே. இரண்டையும் வேறு வேறு தட்டில் வைத்தால் தீர்ந்துவிடும். செலவில்லை. ஆனால் குறைவுப் பட்டியலை மட்டும் அச்செடுத்து, கூடுதல் பட்டியலைப் பார்க்காத இடத்தில் இதையே களவு என்று ஒரு அப்பாவியின் தலையில் கட்டிவிடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், வித்தியாசமே இல்லாத வித்தியாசம் ஒன்று உண்டு. மாலையில் லொறி திரும்பி வரும்போது விற்காத மிச்சமும் கடைக்காரர் திருப்பிய சரக்கும் இறங்கும். அதை அன்றிரவே கணினியில் பதியாமல் மறுநாள் பத்து மணிக்குப் பதிகிறார்கள் என்று வைப்போம். காலை 6.30க்கு எண்ணுபவருக்குத் தரையில் கூடுதலாக இருக்கும். மறுபக்கம், ஏற்றிவிட்டு பில் பிறகு அடிப்பது வழக்கமென்றால் குறைவாக இருக்கும். இரண்டும் நேரத்தின் பிழை, சரக்கின் பிழையல்ல. இதைச் சரிசெய்யாமல் எத்தனை தடவை எண்ணினாலும் எண்கள் ஆடிக்கொண்டே இருக்கும். ஆகவே திட்டத்தின் முதல் படி எண்ணுவதே அல்ல. "எண்ணுவதற்கு முதல் நாள் இரவு, நடந்த எல்லாம் பதிவாகியிருக்க வேண்டும்" என்ற ஒரு விதியைக் கொண்டுவருவதுதான் முதல் படி.

இப்போது பதில் தானாகவே ஒழுங்காகிறது. முதல் இரண்டு கிழமை பதிவு நேரத்தைச் சரிசெய்வது. பிறகு 200 பொருளின் முதல் எண்ணிக்கை. வித்தியாசம் வந்தவற்றை முழுப் பெட்டி, உதிரி, மாறியது என்று மூன்றாகப் பிரிப்பது. எந்தக் குவியல் பெரிதோ அதற்கு மட்டும் ஒரே ஒரு விதியை மாற்றுவது. முழுப் பெட்டி என்றால் இறக்கும் வாசலில் இரண்டாவது ஆள் எண்ணுவது. மாறியது என்றால் தட்டை மாற்றுவது. உதிரி என்றால் உடைத்த பெட்டிகளை ஒரே கூண்டுக்குள் வைத்து ஒருவர் மட்டும் எடுப்பது. இரண்டு விதியை ஒரே கிழமையில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். அப்புறம் மீண்டும் எண்ணிக்கை.

இந்தப் பதிலின் குறையையும் சொல்ல வேண்டும். பிரச்சினையைப் பிழையாக ஊகித்துவிட்டால் முழுப் பதிலும் பக்கவாட்டில் போகும். அவர்களுக்கு உண்மையில் சுடுவது காலாவதியாக இருக்கலாம். பால்மாவும் பிஸ்கட்டும் திகதி முடிந்து கிடந்தால் குறைவைவிட அதில்தான் காசு போகும். அங்கே பழைய திகதி முன்னுக்குப் போகிறதா என்பதுதான் கேள்வி, எண்ணிக்கை இரண்டாம் பட்சம். அதனால்தான் முதலில் கேள்வி கேட்பது. அவர்கள் "எங்களுக்குக் குறைவு பெரிதில்லை, எக்ஸ்பயரிதான்" என்றால், உடனே அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். பாடமாக்கியவனால் திரும்ப முடியாது.

அப்படியானால் எந்த இடத்துக்கு எது?

கொக்குவிலுக்கு மூன்றாவது பதில், ஆனால் இரண்டாவதின் தொனியில். முதல் இரண்டு கிழமை ஒரு பொருளையும் இடம் மாற்றேன் என்று தொடங்கி, பிறகு ஒரு பிரச்சினை. கடதாசி கொண்டு போகவே கூடாது. அங்கே கதைதான். கடதாசியை நீட்டினால் எழுதிக் கொடுத்தது யார் என்று யோசிப்பார்கள்.

கொழும்புக் கம்பனிக்கு முதல் வகைதான் பொருந்தும் என்று நான் சொன்னதும் தம்பிக்கு ஆச்சரியம். இவ்வளவு நேரம் அதைத்தானே திட்டினீர்கள் என்றான். திட்டியது பூச்சியத்தை, கட்டத்தை அல்ல. அங்கே புதிய களஞ்சியம். படிப்பதற்குப் பழைய நடைமுறை இல்லை, கேட்பதற்குப் பழைய ஆளில்லை, குறைவு என்று ஒன்று இன்னும் பிறக்கவே இல்லை. தட்டு எங்கே, வாசல் எங்கே, எந்தப் பொருள் எந்த இடம், யார் கையெழுத்து என்று ஒன்றன்பின் ஒன்றாக அமைக்கும் வேலை. அது இயல்பாகவே கட்டங்களாகத்தான் நடக்கும். தவிர, குழு நேர்முகத்தில் பலவேளை ஒவ்வொருவர் கையிலும் புள்ளித்தாள் இருக்கும். முதல் மாதம், இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம் என்று பிரித்துச் சொன்னால் அவர்களுக்கு எழுத வசதி. ஒரு பக்கத் திட்டத்தை முன்கூட்டி மின்னஞ்சலில் கேட்டிருந்தால் அனுப்பலாம். கேட்காவிட்டால் தயாராக வைத்துக்கொண்டு வாயால் இரண்டு நிமிடம் போதும்.

இரண்டு இடத்துக்கும் பொதுவாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன்: எந்த 90 நாள் என்பது. இந்தக் கேள்வியை மூன்று வெற்று மாதமாக நினைத்துத்தான் எல்லோரும் பதில் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் வெற்று மாதம் எங்கே இருக்கிறது? ஆடியில் சேர்ந்தால், ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் நல்லூர்க் கொடியேற்றம், அதிலிருந்து 25 நாள் திருவிழா. கோயிலைச் சுற்றி வீதி மூடும், தண்ணீர்ப் போத்தலும் குளிர்பானமும் ஒரு நாளுக்கு இரண்டு தடவை ஏறும். அந்த நேரத்தில் தட்டு மாற்றுகிறேன் என்று நிற்பவனைச் சாரதிகள் மன்னிக்கமாட்டார்கள். ஐப்பசியில் சேர்ந்தால் மாரி. கொழும்பு லொறி பிந்தும், தரை ஈரம், கீழ்த் தட்டுப் பெட்டி நனையும், உதிரிக் குறைவு அந்த மாதங்களில் கூடத்தான் செய்யும். மாசியில் சேர்ந்தால், கம்பனிகள் பலவற்றுக்கு மார்ச் 31 கணக்கு முடிவு, அன்றைய முழு எண்ணிக்கை உன் 90 நாளுக்குள் வந்து விழும். அதைத் தெரிந்தவன் தனி முதல் சுற்று போடமாட்டான், அந்த எண்ணிக்கையையே தொடக்கமாக வைத்துக்கொள்வான். இதை ஒரு வரியில் சொன்னாலே, மேசையில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

கொக்குவில் நேர்முகம் செவ்வாய்க்கிழமை. மாலையில் தம்பி சைக்கிளில் வந்து சொன்னான். 90 நாள் கேள்வி வந்ததாம். அவன் பெட்டியா உதிரியா என்று கேட்க, முதலாளி ஐயா "ரெண்டும்தான் தம்பி" என்று சிரித்திருக்கிறார். பிறகு இவன், பின்னேரம் லொறி கொண்டுவரும் மிச்சச் சரக்கு எத்தனை மணிக்குக் கணினியில் ஏறுகிறது என்று கேட்டிருக்கிறான். ஐயாவுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த கணக்காளர் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாராம்.

"அடுத்த நாள் மத்தியானம், ஐயா," என்றாராம் அந்தப் பிள்ளை. "சில நேரம் அதுக்கு அடுத்த நாள்."

ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லையாம். பிறகு, ஒன்றாம் திகதி வரமுடியுமா என்று கேட்டிருக்கிறார். ஒன்றாம் திகதி என்றால் கொடியேற்றத்துக்குப் பதினொரு நாள் இருக்கிறது. தம்பி இப்போது என் மேசையில் குந்தியிருந்து, திருவிழாவுக்கு முன் எதை எண்ணலாம், எதை விடலாம் என்று பட்டியல் போடுகிறான்.